கேன் தண்ணீரும் விடைக்குறிப்பும்

பொட்டலக் குடிநீருக்கு இந்தியத் தர அமைவனத்தின் சான்று கட்டாயம் என்ற விதியை உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 அக்டோபர் 17 அன்று நீக்கியது. ஆறு வாரம் கழித்து, நவம்பர் 29 அன்று, அதே பொருளை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்தது. உரிமம் தருவதற்கு முன்பே நேரடி ஆய்வு என்றும், மத்திய உரிமம் பெற்றவர்களுக்கு ஆண்டுதோறும் வெளியார் தணிக்கை என்றும் வந்தது. இந்த இரண்டையும் வகுப்பில் எப்படிச் சொல்வது என்று மேல்நிலைப் பொருளியல் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். 'நுழைவுத் தடை நீங்கிவிட்டதால் கேன் தண்ணீர் நிறைவுப் போட்டியை நோக்கிப் போகிறது என்று சொல்லலாமா?' என்பது அவர்களில் பலருடைய கேள்வி. சொல்லக் கூடாது என்பதே இந்த இதழின் நிலை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இருபது லிட்டர் கேன் வீட்டுக்கு வருவதை எடுத்துக்கொள்வோம். காலையில் குட்டியானையில் கேன்களை ஏற்றிவந்து பெட்டிக்கடைகளிலும் வீடுகளிலும் இறக்குகிறார்கள். தண்ணீர் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு மற்றவற்றில் இருக்கிறது. போன் அடித்தால் எத்தனை நிமிடத்தில் வருகிறார், மூன்றாம் மாடிக்குத் தூக்கி வருகிறாரா, கேன் கீறலும் பாசியும் இல்லாமல் இருக்கிறதா, குடித்தால் நாக்கில் சப்பென்று இருக்கிறதா என்பவையே பொருள் வேறுபாடு. கேனுக்குக் கொடுத்த அட்வான்ஸும் வாடிக்கையாளரைக் கொஞ்சம் கட்டி வைக்கிறது. அதனால் ஒருவர் ஐந்து ரூபாய் ஏற்றினால் சிலர் அடுத்த ஆளிடம் போவார்கள், எல்லோரும் போகமாட்டார்கள். தேவைக்கோடு கீழ்நோக்கிச் சரிகிறது, ஆனால் தட்டையாக. முற்றுரிமைப் போட்டிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நம் பாடநூல் தரும் சோப்பு, பற்பசைப் பட்டியலில் காண முடியாது. சொல்லப்போனால் அந்தப் பட்டியலில் உள்ள சோப்பும் பற்பசையும் இன்று ஒருசில பெரிய நிறுவனங்களின் கையில் இருக்கும் சில்லோர் முற்றுரிமைப் பண்டங்கள்.

அதே தண்ணீர் ஒரு லிட்டர் பாட்டிலில் வரும்போது அங்காடி மாறிவிடுகிறது. பிஸ்லேரி, கின்லே, அக்வாஃபினா ஆகிய மூன்றும் ஒரே தர விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. பொருள் வேறுபாடு கேனைவிட அதிகம், விளம்பரமும் அதிகம். ஆனாலும் நெடுங்காலம் மூன்றிலும் ஒரே 20 ரூபாய்தான் அச்சாகியிருந்தது. ஒருவர் விலையைத் தொட்டால் மற்ற இருவரும் என்ன செய்வார்கள் என்று பார்த்தே தொட வேண்டிய நிலை. வரிச் சட்டமும் அக்காலத்தில் இவை இரண்டையும் ஒரே பண்டமாகப் பார்க்கவில்லை. 2018 ஜனவரியில் இருபது லிட்டர் கேனுக்கு மட்டும் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காட்டிலிருந்து 12 ஆகக் குறைந்தது.

ஆக, ஒரே தண்ணீர், ஒரே உரிமம், இரண்டு அங்காடி வடிவங்கள். இரண்டிலும் பொருள் வேறுபாடு உண்டு. அதை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. உரிமத்தை வைத்தும் பிரிக்க முடியாது. பாட்டில் அங்காடியில் புதியவரை நிறுத்துவது தொலைக்காட்சி விளம்பரச் செலவும், மாநிலம் முழுக்க உள்ள விநியோகஸ்தர் வலையும், கடைக் குளிர்பெட்டியில் இடம் பிடிக்கும் பணமும். ஆய்வகச் சான்று அங்கே ஒரு பொருட்டே இல்லை.

அப்படியானால் சான்று நீக்கம் கேன் அங்காடியில் என்ன செய்யும்? வகுப்புக்காக நாமே வைத்துக்கொள்ளும் எண்களில் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆலை நாளுக்கு 1,500 கேன் நிரப்பக்கூடியது, விற்பது 900. மாதம் 27,000. ஆலை விலை 18 ரூபாய், மாறும் செலவு 11, கேனுக்கு மிச்சம் 7. மாத மாறாச் செலவு 1,89,000 ரூபாய் என்றால் மிச்சம் முழுவதும் அதற்கே போய்விடும்; கிடைப்பது இயல்பு இலாபம். அந்த மாறாச் செலவில் சொந்த ஆய்வகம், வேதியியலாளர், நுண்ணுயிரியலாளர், சான்றுக் கட்டணம் என்று 60,000 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். இந்த ஆலைக்கு அது கேனுக்கு 2 ரூபாய் 22 காசு. மாதம் மூன்று லட்சம் கேன் நிரப்பும் பெரிய ஆலைக்கு 20 காசு. தடை என்பது எல்லோருக்கும் ஒரே உயரம் அல்ல என்பதை மாணவருக்குக் காட்ட இந்த ஒரு வகுத்தல் போதும்.

இப்போது அந்த 60,000 போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மாறாச் செலவு 1,29,000. முதல் சில மாதம் மிகை இலாபம். அதைப் பார்த்துப் புதியவர்கள் வருவார்கள், ஒவ்வொருவரின் விற்பனையும் தேயும். விலை மாறாது என்று கொண்டால், மிச்சம் ஏழு ரூபாயில் 1,29,000-ஐ ஈடுகட்டும் அளவு 18,429 கேன், நாளுக்குச் சுமார் 614. முன்பு இருபது ஆலை இருந்த இடத்தில் இருபத்தொன்பது ஆலை. ஒவ்வொன்றும் தன் திறனில் 60 விழுக்காடு பயன்படுத்தியது போய் 41 விழுக்காடு. மாற்றுப் பொருள்கள் கூடுவதால் தேவைக்கோடு இன்னும் தட்டையாகி விலை கொஞ்சம் இறங்கலாம். ஆனால் தடை நீங்கியதன் முதன்மை விளைவு மலிவு அல்ல, மிகைத்திறன். சேம்பர்லின் 1933-இல் வரைந்த தொடுபுள்ளி இடப்பக்கம் நகர்வது இப்படித்தான். இதில் நிறைவுப் போட்டிக்கு இடமே இல்லை.

நவம்பர் அறிவிப்பு அந்த 60,000-இல் ஒரு பகுதியை வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்தது. ஆய்வு உண்டு, பெரிய உரிமம் உள்ளவர்களுக்குத் தணிக்கை உண்டு. நிலத்தடி நீர் எடுக்கும் அனுமதி முன்பும் இருந்தது, இன்றும் இருக்கிறது. 2020 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து அந்த அனுமதி இல்லாத ஆலைகளுக்கு அதிகாரிகள் சீல் வைத்தபோது உற்பத்தியாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், புறநகரில் கேனுக்கு அலைந்ததும் நமக்கு நினைவிருக்கும். கேன் அங்காடியின் மெய்யான தடை ஆழ்துளைக் கிணற்றில் இருக்கிறது.

அந்த வேலைநிறுத்தத்தைச் சொல்லி, 'சங்கம் வைத்து ஒன்றாக நின்றார்கள், இது சில்லோர் முற்றுரிமை அல்லவா' என்று கேட்கும் மாணவர் நல்ல மாணவர். அவருக்கு டயர் வழக்கைச் சொல்லுங்கள். அம்பத்தூரின் டன்லப் ஆலையையும் திருவொற்றியூரின் எம்.ஆர்.எஃப். ஆலையையும் அறிந்த ஊர் நம்முடையது. எம்.ஆர்.எஃப்., அப்போலோ, சியட், ஜே.கே., பிர்லா ஆகிய ஐந்து நிறுவனங்களும் தங்கள் சங்கத்தின் வழியே விலைத் தகவலைப் பகிர்ந்து, 2011–12-இல் லாரி, பேருந்து மாற்று டயர்களின் விலையைச் சேர்ந்தே உயர்த்தின என்று இந்தியப் போட்டி ஆணையம் 2018-இல் முடிவு செய்தது. அபராதம் சுமார் 1,788 கோடி ரூபாய். எம்.ஆர்.எஃப். சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றதால் ஆணை 2022 பிப்ரவரியில்தான் வெளியானது. அந்த டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வழக்கை மறு ஆய்வுக்குத் திருப்பியனுப்பியது. குற்றச்சாட்டின் முடிவு எதுவானாலும், பாடத்துக்கு வேண்டியது வேறு. கேன் சங்கம் சில நாள் விநியோகத்தை நிறுத்தலாம். விலையை மூன்று ரூபாய் தூக்கிப் பிடித்தால் அடுத்த மாதமே பூந்தமல்லிக்கு அப்பால் புதிய ஆலை ஒன்று நிரப்பத் தொடங்கும். டயரில் அப்படி யாரும் வந்துவிட முடியாது. இரண்டிலும் சங்கம் உண்டு, ஒன்றில்தான் கூட்டு விலை நிற்கும். அந்த வேறுபாட்டை உண்டாக்குவது தடை.

ஒரே ஓர் இடத்தில் கோடு மங்கும். ஒரு தெருவை மட்டும் எடுத்தால் கேன் போடுபவர்கள் மூன்று நான்கு பேர்தான். ஒருவர் விலையை மற்றவர் அன்றைக்கே அறிவார். கால்டர் 1935-இல் எழுப்பிய மறுப்பும் இதுதான்: போட்டி எல்லோருடனும் இல்லை, அக்கம்பக்கத்தாருடன் மட்டுமே என்றார் அவர். நேர்மையான ஆசிரியர் இதை மறைக்கக் கூடாது. அந்தத் தெருவுக்குள் ஐந்தாமவர் வர எது தடுக்கிறது என்று கேட்டால், ஒரு வண்டியும் நூறு கேனும் தவிர வேறில்லை என்பது தெரியும்.

இவ்வளவும் எழுதக் காரணம், இந்த இதழ் பல ஆண்டாகச் சொல்லிவரும் குறை. பள்ளித் தேர்வு முதல் ஆசிரியர் பணித் தேர்வு வரை ஒருமதிப்பெண் வினாக்களில் முற்றுரிமைப் போட்டியையும் சில்லோர் முற்றுரிமையையும் ஒப்பிடச் சொல்லி, தெரிவுகளில் பொருள் வேறுபாட்டையும் நுழைவுத் தடையையும் கலந்து தருகிறார்கள். அடிக்கடி கண்ணில் படும் அமைப்பு இது: 'ஓர் அங்காடியில் பொருள்கள் வேறுபட்டவை; புதிய நிறுவனங்கள் நுழைவது கடினம். இது எது?' விடைக்குறிப்பு: முற்றுரிமைப் போட்டி. வினா எழுதியவர் முதல் பாதியிலேயே நின்றுவிட்டார். நுழைவது கடினம் என்ற பிறகு அது முற்றுரிமைப் போட்டியாக இருக்க வழியில்லை. வேறுபட்ட பொருளைக் கொண்ட சில்லோர் முற்றுரிமை என்பதே விடை. முழுதும் படித்து, யோசித்து, சரியாகக் குறித்த பிள்ளைக்கு மதிப்பெண் போகிறது. 'வேறுபட்ட' என்ற சொல்லைக் கண்டவுடன் குறித்த பிள்ளைக்கு அது கிடைக்கிறது. ஆட்சேபம் தெரிவிக்கச் சில நாள் அவகாசம், சில தேர்வுகளில் பாடநூல் பக்கத்தை மட்டுமே ஆதாரமாக ஏற்போம் என்ற நிபந்தனை. பாடநூல் சோப்பை முற்றுரிமைப் போட்டி என்று சொல்லியிருக்கும்போது அந்தப் பக்கத்தைக் காட்டி யார் எதை நிறுவ முடியும்? ஓர் ஆணையம் ஆறு வாரத்தில் தன் நிலையைத் திருத்திக்கொள்ள முடிகிறது. வினாத்தாள் குழுக்களோ ஆண்டுகள் கடந்தும் ஒரு வரியைத் திருத்த மறுக்கின்றன. பாதிக்கப்படுவது பிள்ளைகள் என்பதால் இதை மென்மையாகச் சொல்ல எங்களுக்கு மனமில்லை.

வகுப்பில் உடனே செய்யக்கூடியது, தெரிவுகளைப் படிக்கும் வரிசையை மாற்றுவது. முதலில் நுழைவைப் பற்றிய சொற்றொடரைப் பிடிக்கச் சொல்லுங்கள். தடை குறைவு என்றால் சில்லோர் முற்றுரிமை அங்கேயே விலகிவிடும். பிறகே பொருள் வேறுபாட்டைப் பார்த்து நிறைவுப் போட்டியா முற்றுரிமைப் போட்டியா என்று முடிவு செய்யலாம். தடை அதிகம் என்றால் பொருள் வேறுபாடு எந்த விடையையும் தராது. சிமெண்டு ஏறக்குறைய ஒரேமாதிரி, கார் வேறுபட்டது, இரண்டும் சில்லோர் முற்றுரிமையே. அங்கே எத்தனை நிறுவனங்கள், ஒருவர் விலையை மற்றவர் கவனிக்கிறாரா என்பதைத்தான் தேட வேண்டும். வினா எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'தடை உண்டு' என்று மட்டும் எழுதாதீர்கள். அது உரிமமா, முதலீட்டு அளவா, விநியோக வலையா என்று ஒரு சொல் சேருங்கள். அடுத்த இதழ் முதல் எங்கள் மாதிரி வினாப் பக்கத்துக்கு வரும் வினாக்களில், பொருள் வேறுபாட்டை மட்டும் வைத்து முற்றுரிமைப் போட்டியையும் சில்லோர் முற்றுரிமையையும் பிரிக்கும் எதையும் அச்சிடமாட்டோம். தவறான விடைக்குறிப்பு வந்த வினாத்தாள்களை வினா எண்ணுடன் அனுப்புங்கள். அவற்றைத் தொகுத்து உரிய தேர்வுத் துறைகளுக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புவோம், வரும் பதிலையும் வராத பதிலையும் இங்கே வெளியிடுவோம்.