மாவட்டம் என்ற அளவுகோல் போதுமா?

க.பொ.த. உயர்தர வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் ஒவ்வொரு ஆண்டும் வீடுகளில் ஒரே விவாதம் எழுகிறது. கொழும்பு மாணவி ஒருத்தி மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகவில்லை. அவளைவிடக் குறைந்த இசட் புள்ளி பெற்ற மொனராகலை மாணவி ஒருத்தி தெரிவாகிவிட்டாள். இது அநியாயம் என்று ஒரு சாராரும், இதுதான் நியாயம் என்று மறு சாராரும் வாதிடுகிறார்கள். இரு தரப்பினரிலும் பலர் இந்த ஒதுக்கீடு எப்படி நடக்கிறது என்பதை அறிந்திருப்பதில்லை.

மருத்துவம், பொறியியல் போன்ற பாடநெறிகளுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மூன்று வழிகளில் மாணவரைத் தெரிவு செய்கிறது. நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி நிரப்பப்படுகின்றன. 55 இடங்கள் சனத்தொகை விகிதப்படி 25 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. எஞ்சிய 5 இடங்கள் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக வழங்கப்படுகின்றன. இசட் புள்ளி வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடத்தக்கதாக ஆக்கும் கணக்கு மட்டுமே. அது எந்த மாவட்டத்துக்கும் சலுகை தருவதில்லை.

ஒரு பாடநெறிக்கு 1000 இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் நாடு முழுவதிலும் முன்னணியில் நிற்கும் 400 பேர் தெரிவாவார்கள். அடுத்த 550 இடங்கள் மாவட்டங்களுக்குரியவை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகை சுமார் 2 கோடி 3 இலட்சம். அதில் கொழும்பு மாவட்டத்தவர் சுமார் 23 இலட்சம் பேர். எனவே கொழும்புக்கு ஏறத்தாழ 62 இடங்கள் கிடைக்கும். முல்லைத்தீவின் சனத்தொகை சுமார் 92 ஆயிரம். அந்த மாவட்டத்துக்குக் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று இடங்கள். பின்தங்கிய மாவட்டங்களுக்கான 50 இடங்களைப் பதினாறாகப் பகிரும்போதும் அதன் பங்கு ஓர் இடத்தைத் தாண்டுவது அரிது. "பின்தங்கிய மாவட்டத்தார் எல்லா இடங்களையும் அள்ளிக்கொண்டு போகிறார்கள்" என்ற பேச்சு இந்தக் கணக்கோடு பொருந்தவில்லை.

இந்த முறை மீதான சந்தேகத்துக்கு வரலாற்றில் காரணம் உண்டு. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் மொழிமூலத்தை வைத்தே ஆரம்பமானது. மருத்துவத்துக்குத் தெரிவாகத் தமிழ் மொழிமூல மாணவருக்கு 400க்கு 250 புள்ளிகள் தேவைப்பட்டன. சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 போதுமாக இருந்தது. தமிழில் பரீட்சை எழுதிய முஸ்லிம் மாணவரும் அந்த உயர்ந்த கோட்டையே தாண்ட வேண்டியிருந்தது. அங்கே மாணவரின் வசதியை எவரும் அளக்கவில்லை. எந்த மொழியில் எழுதினார் என்றே பார்த்தார்கள். அதனால் ஏற்பட்ட மனக்காயம் இந்த நாட்டின் அரசியலையே மாற்றியது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்க்கப்பட்டது. மொழிவாரித் தரப்படுத்தல் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கைவிடப்பட்டது. மாவட்ட ஒதுக்கீடு வெவ்வேறு விகிதங்களில் நீடித்து இன்றைய 40, 55, 5 என்ற நிலைக்கு வந்தது.

மாவட்ட ஒதுக்கீட்டை ஆதரிப்போரின் வாதம் வலுவானது. நாட்டின் ஏறத்தாழ பத்தாயிரம் அரச பாடசாலைகளில் சுமார் ஆயிரத்தில்தான் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் இருக்கின்றன. ஆய்வுகூடமும் போதிய ஆசிரியரும் பிரத்தியேக வகுப்புகளும் உள்ள நகரத்து மாணவியின் புள்ளியையும், பௌதிகவியலுக்கு ஆசிரியரே இல்லாமல் படித்தவளின் புள்ளியையும் ஒரே தராசில் நிறுப்பது சமத்துவம் ஆகாது. மேலும், இந்த உதவி நுழைவாயிலோடு முடிந்துவிடுகிறது. பீடத்துக்குள் எல்லோரும் எழுதுவது ஒரே பரீட்சைதான்.

எதிர்ப்போரின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. உழைத்துப் பெற்ற புள்ளி இருந்தும் பிறந்து வளர்ந்த இடத்தின் காரணமாக ஒரு மாணவி பின்தள்ளப்படுகிறாள். அவளுடைய இழப்பு உண்மையானது. மாவட்டத்தை மாற்றிக் காட்டி இடம் பெற முயல்வோரும் இருக்கிறார்கள். இவற்றைவிடப் பெரிய குறை, மாவட்டம் மிகப் பெரிய அலகாக இருப்பதுதான். கொழும்பு வடக்கில் ஓர் அறை வீட்டில் வாழும் கூலித் தொழிலாளியின் மகளும், நகரின் மிக வசதியான பாடசாலையில் படிக்கும் வைத்தியரின் மகளும் ஒரே மாவட்ட வரிசையில் போட்டியிடுகிறார்கள். பதுளை பின்தங்கிய மாவட்டம். ஆயினும் அதன் நகரப் பாடசாலை மாணவியும் பசறைத் தோட்டப் பாடசாலையிலிருந்து வந்தவளும் ஒரே ஒதுக்கீட்டுக்குள்தான் நிற்கிறார்கள். அங்கே யார் முந்துவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கேள்வியை அரச வேலைகள் தொடர்பாக இந்தியா எதிர்கொண்டது. மண்டல் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1990இல் மத்திய அரசு வேலைகளில் பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 27 சதவீதம் அறிவிக்கப்பட்டபோது பெரும் போராட்டங்கள் வெடித்தன. 1992இல் இந்திரா சஹானி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ஏற்றது. ஆனால் இரண்டு வரம்புகளை விதித்தது. மொத்த ஒதுக்கீடு பொதுவாக 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த வகுப்பினருக்குள்ளேயே வசதியால் முன்னேறிவிட்டவர்களை விலக்கிவிட வேண்டும். ஓர் ஒதுக்கீடு அது யாருக்காக உருவானதோ அவரிடம் போய்ச் சேர்கிறதா என்று சோதிக்கும் ஏற்பாடே இந்த இரண்டாவது வரம்பு. நமது மாவட்ட ஒதுக்கீட்டில் அத்தகைய சோதனை இல்லை.

ஆகவே மாவட்ட ஒதுக்கீட்டை நீக்கக் கூடாது, அதன் அலகைச் சிறிதாக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஒவ்வொரு மாவட்டத்தின் பங்குக்குள்ளும் ஒரு பகுதியை வசதி குறைந்த பாடசாலைகளிலிருந்து வருவோருக்கென வைக்கலாம். விஞ்ஞான ஆசிரியர் எத்தனை பேர், ஆய்வுகூடம் உண்டா, அடுத்த விஞ்ஞானப் பாடசாலை எவ்வளவு தூரம் என்பவற்றைக் கொண்டு பாடசாலைகளை வரிசைப்படுத்தலாம். சலுகைக்காகக் கடைசி நேரத்தில் பாடசாலை மாறுவோரைத் தடுக்க, ஆறாம் தரம் முதலான ஆண்டுகளைக் கணக்கில் எடுக்கலாம். இதில் இன, மொழி, மதப் பெயர் எதுவும் வராது. தோட்டத்துப் பிள்ளையும், எல்லைக் கிராமத்துச் சிங்களப் பிள்ளையும், சிறு நகரத்து முஸ்லிம் பிள்ளையும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுவார்கள். 1970களில் நடந்த தவறு திரும்பாமல் இருக்க இது அவசியம்.

இருந்தாலும் எந்த ஒதுக்கீட்டாலும் தொட முடியாத ஒரு மாணவி இருக்கிறாள். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஏ சித்தி பெற்றும், ஊர்ப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லாததால் கலைப் பிரிவில் சேர்ந்தவள் அவள். இரண்டு பஸ் மாறித் தூரத்து நகருக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். நமது சமூகத்தில் இப்படிப்பட்ட பெண்பிள்ளைகள் பலர். அவள் மருத்துவத்துக்கான பரீட்சையையே எழுதுவதில்லை. ஆகையால் எந்த வெட்டுப்புள்ளிப் பட்டியலிலும் அவளுடைய இழப்பு தெரிவதில்லை. ஒதுக்கீடு பரீட்சை எழுதியவர்களுக்கு மட்டுமே உதவும். வெட்டுப்புள்ளியைப் பற்றி நாம் விவாதிக்கும் அளவுக்கு, நமது ஊர்ப் பாடசாலைக்கு ஓர் இரசாயனவியல் ஆசிரியரையும் அங்கு ஒரு விஞ்ஞானப் பிரிவையும் வலயக் கல்விப் பணிமனையிடம் கேட்டுப் பெறுவதிலும் பெற்றோர் முனைய வேண்டும்.