கடுகு வெடிக்கும் வரை பொறுங்கள்!

ஒரு பாத்திரம் சாம்பாரைக் கெடுக்க அரை ஸ்பூன் கடுகு போதும். பருப்பு பதமாக வெந்திருக்கும். புளி, உப்பு, காரம் எல்லாம் அளவோடு இருக்கும். கடைசியில் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, கடுகு, உளுத்தம் பருப்பு, சீரகம், மிளகாய் வற்றல் என்று ஒரே பிடியாக அள்ளி எண்ணெயில் போட்டு விடுகிறார்கள். அவசரம்! சாப்பிட உட்காருகிறவர் வாயில் வெடிக்காத கடுகும் கருகிய மிளகாயும் சேர்ந்தே அகப்படுகின்றன. அவர் சாம்பாரைக் குறை சொல்லுகிறார். குற்றம் தாளித்த கரண்டியில் அல்லவா இருக்கிறது?

தாளிப்பதைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. சீரகத்தின் மணமும் பெருங்காயத்தின் மணமும் எண்ணெயிலும் நெய்யிலும் நன்றாகக் கரையும். தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. கொதிக்கிற ரசத்தில் சீரகத்தை அப்படியே போட்டுப் பாருங்கள். நெய்யில் பொரித்தும் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் மூக்குக்கே தெரியும். மேலும், கொதிக்கும் தண்ணீரின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. எண்ணெய் அதற்கு வெகு மேலே போகும். அந்தச் சூட்டில்தான் சாமான்கள் வறுபட்டு வாசனை விடுகின்றன.

கடுகின் சங்கதி சற்று விசித்திரமானது. முழுக் கடுகை முகர்ந்தால் மணமே இல்லை. அதையே தண்ணீர் விட்டு அரைத்தால் நெடி உச்சந்தலைக்கு ஏறுகிறது. கடுகு உடைந்து ஈரம் படும்போது, அதனுள் இருக்கும் ஒரு நொதிப் பொருள் வேலை செய்து அந்த நெடியை உண்டாக்குகிறது. நல்ல சூடு பட்டால் நொதி செத்து விடும். அதனால்தான் ஊறுகாய்க் கடுகு மூக்கைத் துளைக்கிறது. வெடித்த கடுகு வறுத்த கொட்டையைப் போல இதமாக இருக்கிறது. அரைகுறையாகச் சூடேறிய கடுகு பல்லில் பட்டால் கசப்புத்தான்.

கடுகு வெடிப்பது ஏன்? உள்ளே இருக்கும் துளி ஈரம் ஆவியாகி, தோலைப் பிளந்து கொண்டு வெளியே வருகிறது. இதற்குச் சூடு சட்டென்று ஏற வேண்டும். காயாத எண்ணெயில் போட்டால் கடுகு சும்மா ஊறிக் கிடக்கும். புகைகிற எண்ணெயில் போட்டாலோ வெடிக்கும்போதே கருகும். முதலில் இரண்டே கடுகைப் போடுங்கள். இரண்டொரு விநாடியில் பொரிந்தால் பதம் சரி.

நாலு பேருக்கான சாம்பாரை எடுத்துக் கொள்வோம். இரும்புக் கரண்டியில் 2 ஸ்பூன் நல்லெண்ணெய் காய்ந்ததும் அரை ஸ்பூன் கடுகு. படபடவென்ற சத்தம் பாதி அடங்கும்போது தீயைக் குறைத்து, அரை ஸ்பூன் உளுத்தம் பருப்பு. அது வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் கால் ஸ்பூன் சீரகம். சீரகத்துக்குக் கடுகைப் போலக் கெட்டித் தோல் கிடையாது. பத்து எண்ணுவதற்குள் மணம் வந்து விடும், இருபது எண்ணினால் கசந்து விடும். உடனே கிள்ளிய மிளகாய் ஒன்று; அது சற்றே உப்பியதும் அடுப்பை அணைத்து விடுங்கள். பெருங்காயத் தூளும் கறிவேப்பிலையும் அதற்குப் பிறகுதான். கட்டிப் பெருங்காயமானால் கதை வேறு. அதைக் கடுகுக்கு முன்பே பொரித்து எடுத்துக் கொள்ள வேண்டும்.

கறிவேப்பிலை கடைசியில் வருவதற்குக் காரணம் உண்டு. இலையில் ஈரம் இருக்கிறது. முன்னால் போட்டால் எண்ணெய் குளிர்ந்து, கடுகு வெடிக்காமல் நின்று விடும். கடைசியில் போட்டால் அதே ஈரம் எண்ணெயின் கொதிப்பைத் தணித்து, மிளகாய் கறுக்காமல் காப்பாற்றும். ஆனால் கழுவிய இலையைத் துடைக்காமல் போடாதீர்கள். எண்ணெய் முகத்தில் தெறிக்கும்.

"பருப்பு சிவக்க நேரமாகுமே, அதை முதலில் போட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் சம்மதம் இல்லை. பருப்பு விழுந்தவுடன் கரண்டியிலுள்ள கொஞ்ச எண்ணெயின் சூடு இறங்கி விடுகிறது. பிறகு கடுகு வெடிக்கக் காத்திருந்தால், அதற்குள் பருப்பு கருகி விடும். எலுமிச்சை சாதத்துக்குக் கை நிறையக் கடலைப் பருப்பு போடும்போதுகூடக் கடுகுதான் முதலில். பருப்பைச் சிறு தீயில் நிதானமாகச் சிவக்க விட வேண்டும். இன்னொன்று: இரும்புக் கரண்டி அடுப்பை விட்டு இறங்கிய பின்னும் சூட்டை விடாது. ஆகவே பருப்பு முழுதும் சிவக்கும் வரை பார்த்துக் கொண்டிராமல், பொன்னிறம் வந்ததுமே குழம்பில் கொட்டி விட வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு கருகி விட்டால்? "குழம்பில் போட்டால் தெரியாது" என்று கொட்டி விடுகிற வழக்கத்தைத்தான் நான் கண்டிக்கிறேன். கருகிய கசப்பு, எண்ணெயோடு சாம்பாரின் மேலே பரவி, ஒவ்வொரு கரண்டியிலும் வரும். அந்த 2 ஸ்பூன் எண்ணெயைக் கீழே கொட்டி, கரண்டியைத் துடைத்து, மறுபடியும் இரண்டு கடுகிலிருந்து ஆரம்பியுங்கள்.