சந்திரசேகர் எந்த நாட்டுக்காரர்?

1983-ஆம் ஆண்டு பௌதிகத்துக்கான நோபல் பரிசு இரண்டு பேருக்குப் பகிர்ந்து அளிக்கப்பட்டது. ஒருவர் வில்லியம் பவுலர். இன்னொருவர் எஸ். சந்திரசேகர். பவுலரைப் பற்றி எழுதுவதில் தொல்லை இல்லை. அமெரிக்காவில் பிறந்தார், அமெரிக்காவில் வாழ்ந்தார், அமெரிக்கர். ஆனால் சந்திரசேகரை ஒரே வரியில் எப்படிச் சொல்வது?

"நம் இந்தியர்" என்பார் ஒருவர். "அமெரிக்கர்" என்பார் அடுத்தவர். "தமிழர் ஐயா, தமிழர்!" என்பார் மூன்றாமவர். "லாகூரில் பிறந்தவராமே, அப்படியானால் பாகிஸ்தான்காரரோ?" என்று நாலாமவர் கேட்பார்.

நான்கு பேரும் நான்கு வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். எங்கே பிறந்தார் என்பது ஒரு கேள்வி. எந்த இனத்தவர் என்பது வேறு கேள்வி. எங்கே குடியிருந்தார் என்பது இன்னொன்று. எந்த நாட்டுப் பிரஜை, அதாவது எந்த நாட்டுச் சட்டம் அவரைத் தன் குடிமகன் என்று ஏற்றுக்கொள்கிறது என்பது தனிக் கேள்வி. ஊரைவிட்டுப் போகாதவருக்கு இவை எல்லாம் ஒரே பதிலில் அடங்கிவிடும். கடல் கடந்து போனவருக்கு அடங்காது.

லாகூரும் சென்னையும்

சந்திரசேகர் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி லாகூரில் பிறந்தார். குடும்பம் தமிழ்க் குடும்பம். தகப்பனார் ரயில்வே கணக்குத் துறையில் அதிகாரி. உத்தியோகம் அவரை லாகூருக்குக் கொண்டுபோயிருந்தது, அவ்வளவுதான். பாகிஸ்தான் என்ற நாடு பிறந்தது 1947-ல். அது பிறப்பதற்கு 37 வருஷங்களுக்கு முன்பே இவர் பிறந்துவிட்டார். ஆகவே "பாகிஸ்தானில் பிறந்தவர்" என்று எழுதுவது பிழை. "இன்று பாகிஸ்தானில் உள்ள லாகூரில் பிறந்தவர்" என்றால் சரி. "இன்று" என்ற ஒரு சொல்தான் வித்தியாசம். அந்தச் சொல் விழுந்துவிட்டால் மனிதரே வேறு நாட்டுக்காரராகிவிடுகிறார்!

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். 1930-ல், 20 வயது நிரம்பும் முன்பே, மேல்படிப்புக்காகக் கப்பல் ஏறி இங்கிலாந்து சென்றார். நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிய புகழ்பெற்ற கணக்கை அந்தப் பிரயாணத்திலேயே போட ஆரம்பித்துவிட்டார். அதே 1930-ல்தான் அவருடைய சிற்றப்பா சர் சி.வி. ராமன் நோபல் பரிசு பெற்றார். ராமன் அப்போது கல்கத்தாவில் இருந்தார். கடைசிவரை இந்தியாவிலேயே வாழ்ந்தார். அவரை "இந்திய விஞ்ஞானி" என்று எழுத யாரும் தயங்க வேண்டியதில்லை.

பதினாறு வருஷம்

1937-ல் சந்திரசேகர் அமெரிக்கா போய்ச் சிகாகோ சர்வகலாசாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அமெரிக்கப் பிரஜையானது 1953-ல். நடுவே 16 வருஷங்கள் இருக்கின்றன.

இந்தப் பதினாறு வருஷத்தில்தான் எழுதுகிறவர்கள் வழுக்கி விழுவார்கள். அப்போது அவர் வீடு அமெரிக்காவில், வேலை அமெரிக்காவில், சம்பளம் டாலரில். ஆனாலும் அவர் அமெரிக்கப் பிரஜை அல்ல. அந்தக் காலத்தைப் பற்றி எழுதும்போது "அமெரிக்காவில் வாழும் இந்திய விஞ்ஞானி" என்பது பொருந்தும். "அமெரிக்க விஞ்ஞானி" என்பது பொருந்தாது. குடியிருப்பு வேறு, குடியுரிமை வேறு.

1953-க்குப் பிறகு நிலைமை தலைகீழ். இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. தானாக விரும்பி வேறு நாட்டின் பிரஜையானவர் அப்போதே இந்தியப் பிரஜையாக இல்லாமல் போகிறார். 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவு இதைச் சொல்கிறது. ஆகவே 1983-ல் பரிசு வாங்கியவர் சட்டப்படி அமெரிக்கர். நமக்கு மனம் கேட்காதுதான்! ஆனால் அதனால் அவர் தமிழர் இல்லை என்று ஆகிவிடாது. பாஸ்போர்ட் மாறலாம், தாயும் தகப்பனும் மாறுவதில்லை.

அப்படியானால் அந்த ஒரு வரி என்ன? "லாகூரில் பிறந்து, சென்னையில் படித்த, தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்க விஞ்ஞானி." நான்கு கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. "அமெரிக்க" என்பது பரிசு வாங்கிய நாளில் அவர் எந்த நாட்டுப் பிரஜையோ அதைக் குறிக்கிறது. இடம் போதாவிட்டால் "இந்தியாவில் பிறந்த அமெரிக்க விஞ்ஞானி" என்று சுருக்கலாம். 1930-ல் கப்பலில் கணக்குப் போட்ட வாலிபனைப் பற்றி எழுதுகிறோமா? அப்போது "அமெரிக்க" என்ற சொல்லுக்கே அங்கே வேலை இல்லை. சம்பவம் நடந்த தேதியைப் பார்த்துத்தான் சொல்லைப் போட வேண்டும்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தான். "கிரீன் கார்டு" வாங்கிய மகன் அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கலாம். ஆனால் அவன் இன்னும் இந்தியப் பிரஜையே. "ஓ.சி.ஐ." அட்டை வைத்திருக்கும் மகள் இந்தியாவுக்கு விசா இல்லாமல் வந்து போகலாம், ஆனால் அவள் இந்தியப் பிரஜை அல்ல, இங்கே ஓட்டுப் போட முடியாது. வெளிநாட்டில் ஓர் ஆபத்து என்றால் எந்தத் தூதராலயத்தின் கதவைத் தட்டுவது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

ஒரு சொல் செய்த வேலை

விஞ்ஞானியின் விஷயத்தில் சொல் தவறினால் பெருமை இடம் மாறும். ஏழைகளின் விஷயத்தில் வாழ்வே இடம் மாறியிருக்கிறது.

இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் ஆட்கள் போனார்கள். 1911-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கிலிருந்து அவர்கள் "இந்தியத் தமிழர்" என்று தனியாக எழுதப்பட்டார்கள். அது இனத்தைக் குறிக்கும் பெயர். ஆனால் கேட்பவர் காதில் "இந்தியப் பிரஜை" என்றே விழுந்தது.

1948-ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனாரும் அங்கே பிறந்தவர் என்பது போன்ற சான்றுகள் வேண்டும் என்றது. லயத்து வீட்டில் பிறந்த கூலித் தொழிலாளியிடம் தகப்பனின் பிறப்புச் சீட்டு ஏது? லட்சக்கணக்கானவர்கள் எந்த நாட்டுப் பிரஜையும் இல்லாமல் நின்றார்கள். இனம் தமிழர், குடியிருப்பு இலங்கை, பிரஜா உரிமை என்ற இடம் காலி.

1964-ல் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவாயிற்று. இலங்கையில் தங்கி, உரிமை இல்லாமல் காத்திருந்தவர்களுக்கு 2003-ல் ஒரு சட்டம் வழி செய்தது. அவர்களை "இலங்கைப் பிரஜை, மலையகத் தமிழர்" என்றால் குழப்பம் இல்லை. "இந்தியத் தமிழர்" என்று மட்டும் எழுதினால் பழைய குழப்பம் மறுபடி தொடங்கும்.

இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கம் குடியமர்ந்தார்கள். தேயிலைதான் அவர்களுக்குத் தெரிந்த தொழில். அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் பலருக்கு வேலை கிடைத்தது. கையிலே இந்தியப் பாஸ்போர்ட்டுடன் வந்து இறங்கியவர்கள் அவர்கள். இலங்கையில் இருந்தவரை அவர்களை "இந்தியாக்காரர்" என்றார்கள். இங்கே வந்ததும் ஊரார் வைத்த பெயர் "சிலோன்காரர்".