லீவு முடிந்த காலையில் வரும் பிரேக் சத்தம்

தீபாவளிக்குத் திருப்பூர் பனியன் கம்பெனிகள் அடைத்தால் திறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகிவிடும். அதுவரை ஆள் ஏற்றும் வேன்கள் ஐப்பசி மழையில் நனைந்தபடி நிற்கும். திறந்த அன்றே நம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, "பிரேக் அடிச்சா கரகரங்குதுங்க" என்பார்கள். அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு பேட், டிஸ்க் இரண்டுக்கும் சேர்த்து எஸ்டிமேட் போடுவது தவறு.

டிஸ்க் வார்ப்பிரும்பு. ஈரம் பட்டால் ஒரே இரவில் மேலே துரு படியும். பெடல் கெட்டியாக இருக்கிறதா, ஆயில் குறையவில்லையா என்று பார்த்துவிட்டு, காலிச் சாலையில் மெதுவாக ஓட்டி எட்டுப் பத்து முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். மேல்துருவாக இருந்தால் பேடே அதைத் தேய்த்துவிடும், சத்தமும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் வீலைக் கழற்றியே ஆக வேண்டும்.

கழற்றியதும் பலர் வெளிப் பேடை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு வேனில் வெளிப் பேட் 7 மில்லி இருக்கிறது, உள் பேட் 2 மில்லிதான் என்று வையுங்கள். கேலிப்பரின் ஸ்லைடு பின் துருவேறி இறுகி, உள் பேட் மட்டும் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. பின்னைச் சுத்தம் செய்து, அதற்கென்று உள்ள கிரீஸ் தடவாமல் பேடை மட்டும் மாற்றினால், புதுப் பேடும் அதே பக்கம் சீக்கிரமே தேயும். பேட் 3 மில்லிக்குக் கீழே போய்விட்டால் மாற்றிவிடுவதே சரி. கீச்சென்ற மெல்லிய சத்தம் பெரும்பாலும் பேடில் உள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்கைத் தொடுவதால் வருவது. இரும்போடு இரும்பு அரைபடுகிற சத்தமும் டிஸ்கில் ஆழமான கோடுகளும் இருந்தால் பேட் முழுக்கத் தீர்ந்துவிட்டது. அந்த வண்டியை அப்படியே ஓட்டிப் போகக் கொடுத்தனுப்பக் கூடாது.

கோணிய டிஸ்க் சத்தத்தைவிட உதறலில்தான் தெரியும். வேகத்தில் பிரேக் பிடித்தால் பெடல் காலை உந்தும், ஸ்டியரிங் ஆடும். உடனே லேத்துக்கு அனுப்பாமல், டிஸ்கை வீல் நட்டால் இறுக்கி, வெளி விளிம்பிலிருந்து 10 மில்லி உள்ளே டயல் கேஜை வைத்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பல வண்டிகளுக்கு 0.05 முதல் 0.1 மில்லி வரைதான் அனுமதி. அதைத் தாண்டினால் மேடான இடத்தில் டிஸ்கிலும் ஹப்பிலும் சாக்பீஸால் குறியிட்டு, டிஸ்கை அரைச்சுற்றுத் திருப்பி மாட்டி மறுபடி அளக்க வேண்டும். மேடு டிஸ்கின் குறியோடு நகர்ந்தால் கோளாறு டிஸ்கில். ஹப்பின் குறியிலேயே நின்றால் ஹப் முகத்தில் துரு ஏறியிருக்கும், இல்லையென்றால் ஹப்பே கோணியிருக்கும். நம்மிடம் வரும் நனைந்த வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தத் துருவைத்தான். கம்பி பிரஷால் சுரண்டி மாட்டினாலே உதறல் நின்றுவிடலாம், டிஸ்க் கடையும் செலவும் மிச்சம்.

கடைந்தே தீர வேண்டுமென்றால், கடைந்த பிறகு மிஞ்சும் தடிமன் டிஸ்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருக்க வேண்டும். டிஸ்க் உள்ள ஒவ்வொரு வீலின் உள் பேட், வெளிப் பேட் அளவையும் ஜாப் கார்டில் எழுதி வையுங்கள். பொங்கல் லீவு முடிந்து அதே வேன் வரும்போது எந்தப் பக்கம் எவ்வளவு தேய்ந்தது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.