கணக்கறிக்கை நேரத்தில் பிளேன்டீ வேண்டாம்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்து வாசியுங்கள்.

வருடாந்த பொதுக்கூட்டங்களின் காலம் வருகிறது. பள்ளிவாசல், கோயில் பரிபாலன சபை, மரண உதவிச் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்று வட்டகொடையில் நாங்கள் போய் உட்காராத கூட்டம் குறைவு. எல்லாவற்றிலும் ஒரே காட்சிதான். கூட்டறிக்கை வாசித்து முடிந்ததும் செயலாளர் எழும்பி, "அடுத்ததாக எமது பாசத்துக்குரிய, தன்னலமற்ற சேவையாளர், பொருளாளர் அவர்களைக் கணக்கறிக்கை வாசிக்க அன்புடன் அழைக்கிறோம்" என்பார். அந்த நேரம் பார்த்துத்தான் பின்னாலிருந்து பிளேன்டீ தட்டு வரும். பொருளாளர் தலையைக் குனிந்தபடி இருபது நிமிடம் இலக்கம் வாசிப்பார். "கேள்வி ஏதும் இருக்கா? இல்லை. யார் முன்மொழிவது?" அவ்வளவுதான். கேள்வியெல்லாம் அடுத்த நாள் கடை வாசலில் வரும்.

எங்கள் சனங்களுக்குக் கணக்கில் அக்கறை இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கும் ஒரு பெண்ணைக் காட்டுங்கள். சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள் என்று கேட்காமல் யாரும் நகர்வதில்லை. சம்பளத் துண்டில் எதற்கு எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று வரி வரியாகப் பார்க்கும் அதே ஆள்தான் பொதுக்கூட்டத்தில் தூங்குகிறார். கணக்கு விளங்காமல் அல்ல. வாசிக்கப்படும் பணம் தன்னுடையது என்று அவருக்கு யாரும் அந்த இடத்தில் சொல்லவில்லை.

இதனால் என்ன வரும் என்பதற்கு ஒன்று சொல்கிறோம், பெயர் வேண்டாம். நாங்கள் அங்கம் வகித்த ஒரு மரண உதவிச் சங்கத்தில், ஒரே மாதத்தில் மூன்று மையத்து விழுந்தது. மூன்றாவது வீட்டுக்குக் கொடுக்கக் காசு போதவில்லை. யாரும் திருடவில்லை. சந்தா நிலுவை வருடா வருடம் ஏறிக்கொண்டே போயிருந்தது. மூன்று வருட அறிக்கையிலும் அந்தத் தொகை ஒழுங்காக எழுதப்பட்டு, கூட்டத்தில் சத்தமாக வாசிக்கவும் பட்டிருந்தது. நாங்களும் கையில் கோப்பையோடு அங்கேதான் இருந்தோம்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். பிழை பொருளாளர் வாசிப்பதில் மட்டும் இல்லை. அவரை அழைக்கும் அந்த ஒரு நிமிடத்தில் தொடங்குகிறது.

முதலாவது, அந்தப் புகழ்ச்சியை விட்டுவிடுங்கள். "நேர்மையின் சிகரம்" என்று மேடையில் சொல்லி ஒருவரை அழைத்த பிறகு, "அந்த நாலாவது செலவு என்ன?" என்று யார் கேட்பார்கள்? கேட்டால் அவருடைய நேர்மையைச் சந்தேகித்ததாக ஆகிவிடும். புகழ்ச்சி பொருளாளருக்கு மரியாதை செய்வதுபோல் தெரியும், ஆனால் சபையின் வாயைக் கட்டிவிடும். யூசுப் அலைஹிஸ்ஸலாம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது தன்னைப் பற்றிச் சொன்னது இரண்டே விஷயம்: பாதுகாப்பவர், அந்த வேலையை அறிந்தவர். நபியின் மகன், நபியின் பேரன் என்று சொல்லவில்லை. பொருளாளரை அறிமுகம் செய்ய அந்த அளவு போதும். எத்தனை வருடமாகப் பொறுப்பில் இருக்கிறார், வங்கியில் அவரோடு சேர்ந்து கையொப்பம் இடுபவர் யார், கணக்கைச் சரிபார்த்தவர் யார். இந்த மூன்றும் சொன்னால், கேள்வி ஆளைப் பற்றியது அல்ல, முறையைப் பற்றியது என்று சபைக்குப் புரியும்.

இரண்டாவது, காதில் எதைத் தேட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். வகுப்பில் ஒரு பந்தியை வாசிக்கும் முன் "இதில் வரும் மூன்று ஊர்ப் பெயரைக் கண்டுபிடியுங்கள்" என்று சொன்னால் பிள்ளைகள் கேட்கும் விதமே மாறும். பெரியவர்களும் அப்படித்தான்.

ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம். 84 குடும்பம், மாதச் சந்தா 200 ரூபாய். வருடத்தில் வந்திருக்க வேண்டியது 201,600. வந்தது 173,400. செயலாளர் இப்படி அழைக்கலாம்:

"எல்லார் கையிலும் ஒரு தாள் இருக்கிறது. வருடத் தொடக்கத்தில் நம்மிடம் 190,000 ரூபாய் இருந்தது, இப்போது 225,000 இருக்கிறது. அந்த 35,000 எப்படிக் கூடியது என்று கவனியுங்கள். ஆறு வீடுகளுக்கு இருபதாயிரம் வீதம் கொடுத்தோம், அது தாளில் எங்கே வருகிறது என்று பாருங்கள். சந்தா நிலுவை 28,200. அது கூடாரம், கதிரை திருத்திய செலவுக்குக் கிட்ட வருகிறது, அதை என்ன செய்வது என்று முடிவில் உங்களிடம் கேட்போம். பொருளாளர் இரண்டாவது வருடமாகப் பொறுப்பில் இருக்கிறார். தலைவரும் அவரும் சேர்ந்து கையொப்பம் இட்டால்தான் வங்கியில் காசு எடுக்கலாம். வங்கிப் புத்தகம் மேசையில் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம். பத்து நிமிடம். பிளேன்டீ அதற்குப் பிறகு."

இதில் மொத்தம் ஒரு நிமிடம்கூடப் போகாது. "ஆறு வீடு" என்றதும் அந்த ஆறு முகமும் எல்லாருக்கும் ஞாபகம் வரும். நிலுவை என்றதும் சிலர் நெளிவார்கள், நெளியட்டும். ஆனால் நிலுவைக்காரரின் பெயரை மட்டும் மேடையில் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அடுத்த வருடம் அவர் கூட்டத்துக்கே வரமாட்டார், சந்தாவும் வராது.

மூன்றாவது விஷயம் இந்த நெளிவை விடச் சிக்கலானது. பார்கின்சன் என்றொரு பேராசிரியர் சிங்கப்பூரில் படிப்பித்தவர். 1957இல் வந்த தன் புத்தகத்தில் ஒரு நிதிக் குழுவைக் கற்பனை செய்து எழுதினார். ஒரு கோடி பவுண் அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் சம்மதம். 350 பவுண் சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேர வாக்குவாதம். கூட்டத்தில் குடிக்கும் கோப்பிச் செலவுக்கு ஒன்றேகால் மணி நேரம். பெரிய தொகை யாருக்கும் மனதில் பிடிபடுவதில்லை, கோப்பி எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஊரிலும் இதே கதைதான். முதல் கேள்வி "கூட்டச் சாப்பாட்டுக்கு ஏன் இவ்வளவு?" என்று வந்தால், அழைப்பு சரியாக அமையவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சபைக்குப் பிடிபட்டது அந்த ஒரு வரி மட்டும்தான். மேலே சொன்ன அழைப்பு பெரிய தொகைகளை வீடாகவும் கதிரையாகவும் மாற்றி வைப்பது அதற்காகத்தான்.

ஒரு எல்லையும் உண்டு. தாள் கைக்கு வராமல், கணக்கு அன்று காலையில்தான் எழுதி முடிந்திருந்தால், எந்த அழைப்பாலும் பயன் இல்லை. ஒரு வாரத்துக்கு முன்பே வாட்ஸ்அப்பில் போடுங்கள். போன் இல்லாத மூத்தவர்களுக்குப் பெரிய எழுத்தில் ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள். சில கமிட்டிக்காரர்களுக்கு இது பிடிக்காது, "தேவையில்லாத கேள்வி வரும்" என்பார்கள். ஸகாத் வசூலித்து வந்த இப்னுல் லுத்பிய்யாவிடம் நபியவர்களே கணக்குக் கேட்டார்கள். அன்பளிப்பாகக் கிடைத்தது என்று அவர் ஒதுக்கி வைத்ததைப் பற்றி மிம்பரில் ஏறியும் பேசினார்கள். ஒரு ஸஹாபியிடம் கேட்கலாம் என்றால், எங்கள் கமிட்டியிடம் கேட்கக் கூடாதா?

இந்த முறை எங்கள் பாடசாலைக் கூட்டத்தில் அழைப்பை நாங்களே எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம். பிளேன்டீக்குப் பொறுப்பானவர்களிடமும் பேசியாகிவிட்டது. கணக்கு முடிந்து கேள்வி நேரமும் முடிந்த பிறகுதான் தட்டு வெளியே வரும்.