எந்தக் கட்டடம் பாதுகாப்பானது?

புஷ்ஓவர் பகுப்பாய்வை மேற்கொள்ளும் ஆய்வேடுகள் பல ஒரே வாக்கியத்தில் வந்து முடிகின்றன: ‘இலக்கு இடப்பெயர்ச்சியில் கட்டடம் பாதுகாப்பாக உள்ளது.’ இலக்கணப் பிழையற்ற வாக்கியம்தான். அதன் எழுவாய்தான் பொய். பகுப்பாய்வுக்கு உட்பட்டது கட்டடமன்று. சுவர்களெல்லாம் நீக்கப்பட்ட வெறும் தூண்-உத்தரச் சட்டகம். முதல் இயலில் ‘சட்டகம்’ என்றிருந்தது முடிவுரையில் ‘கட்டடம்’ ஆகிவிடுகிறது. இடையில் அதற்கான நிறுவல் எதுவும் இல்லை.

முறை எளியது. சட்டகத்தைப் பக்கவாட்டில் படிப்படியாகத் தள்ளுகிறார்கள். விசை ஏற ஏற, உத்தரங்களிலும் தூண்களிலும் முனைகள் ஒவ்வொன்றாக இளகிப் பிளாஸ்டிக் கீல்களாகின்றன. கூரையின் நகர்வுக்கு எதிரே அடிமட்ட வெட்டுவிசையை வரைந்தால் தாங்குதிறன் வளைகோடு கிடைக்கிறது. நிலநடுக்கம் கூரையை எவ்வளவு நகர்த்தும் என்னும் மதிப்பீடே இலக்கு இடப்பெயர்ச்சி. வளைகோடு அந்தப் புள்ளியைக் கடந்துவிட்டால், ஆய்வாளர் நிம்மதியடைகிறார்.

ஐந்து தளங்கள், தளத்துக்கு 3 மீட்டர், கீழே வாகன நிறுத்தம், மேலே செங்கற்சுவர் வீடுகள். இடம் 5ஆம் நிலநடுக்க மண்டலம், மண் நடுத்தரம் என்று கொள்வோம். சுவர்களை நீக்கிய சட்டகத்தின் அலைவுநேரம் 1 விநாடி என்றால், ஐ.எஸ். 1893 (2016) காட்டும் பெரும நிலநடுக்கத்துக்கு முடுக்கம் 0.49 g. அதிலிருந்து பெறப்படும் நகர்வு சுமார் 12 செ.மீ.; கூரைக்கான 1.3 என்னும் காரணியால் பெருக்கினால் இலக்கு 16 செ.மீ. ஐந்து தளங்களும் அதைப் பகிர்ந்துகொள்வதால், தளத்துக்குச் சராசரியாக 3.2 செ.மீ. கீல்கள் முதலில் உத்தரங்களில், பிறகே தூண்களின் அடியில். பாடநூல் விரும்பும் வரிசை.

இப்போது மேல்தளங்களின் சுவர்களை மூலைவிட்டத் தாங்கிகளாக மாதிரியில் சேர்ப்போம். விறைப்பு கூடி அலைவுநேரம் 0.5 விநாடியாகக் குறைகிறது என்று வைப்போம். முடுக்கம் 0.9 g ஆக ஏறினாலும், நகர்வு அலைவுநேரத்தின் வர்க்கத்தைச் சார்ந்திருப்பதால், இலக்கு ஏறத்தாழ 6 செ.மீ.க்கு இறங்கிவிடுகிறது. எண்ணை மட்டும் பார்ப்பவர் இதைக் கூடுதல் பாதுகாப்பு என்றே எழுதுவார். ஆனால் மேல்தளங்கள் நான்கும் ஒரே பெட்டியாக நகர்கின்றன. 6 செ.மீ.யில் 5 செ.மீ. கீழ்த்தளத்திலேயே நிகழ்ந்தால், அங்குள்ள தூண்கள் தம் உயரத்தில் 1.7 விழுக்காடு சாய்கின்றன. முன்பு சராசரி சுமார் 1.1. அப்போது உத்தரங்களும் பங்கேற்றன. இப்போது தூண்கள் தனியே. கீல்கள் கீழ்த்தளத் தூண்களின் அடியிலும் தலையிலும் தோன்றி முடிந்துவிடுகின்றன. மேலே ஒரு உத்தரம்கூட இளகுவதில்லை.

‘சுவரின் வலிமையைக் கணக்கில் கொள்ளாதது பாதுகாப்பான பக்கம்தானே?’ என்பது வழக்கமான மறுமொழி. வலிமை மட்டுமே கேள்வி என்றால் ஒப்புக்கொள்ளலாம். சுவர் இங்கே செய்வது வேறு: நகர்வு எங்கே குவியும் என்பதை அது தீர்மானிக்கிறது. 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கி.மீ.க்கு அப்பாலிருந்த அகமதாபாத்தில் தரைத்தளம் திறந்த அடுக்ககங்கள் இடிந்தது இந்தக் குவிதலுக்குச் சான்று. அடுத்த ஆண்டு வெளியான ஐ.எஸ். 1893 திருத்தப் பதிப்பு, அத்தகைய தளத்தின் தூண்களையும் உத்தரங்களையும் 2.5 மடங்கு விசைக்கு வடிவமைக்கலாம் என்று விதித்ததும் இதனால்தான். விதிநூலே ஏற்றுக்கொண்ட சுவரை ஆய்வேடு இன்னும் காண மறுக்கிறது.

இன்னொரு மௌனமும் உண்டு. மென்பொருள் தரும் இயல்பிருப்புக் கீல்களை அப்படியே ஏற்பவர், பெரும்பாலும் வளைவுக் கீல்களை மட்டுமே இடுகிறார். வளையக் கம்பிகள் 20 செ.மீ. இடைவெளியில், கொக்கி 90 பாகையோடு நின்ற பழைய தூண், வளைந்து இளகுவதற்கு முன்பே வெட்டுவிசையில் பிளந்துவிடக்கூடும். வெட்டுக் கீல் இடப்படாத மாதிரியில் அந்த முறிவு நிகழவே வழியில்லை. வளைகோடு நீண்டு செல்கிறது. அந்த நீட்சியைத் ‘தகைமை’ என்று பெயரிட்டு ஒரு பத்தி எழுதப்படுகிறது. கீல்களின் நிறங்களைக் காட்டும் திரைப்படம் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் அழகாக அச்சாகிறது!

செங்கற்சுவரின் விறைப்பை உறுதியாகச் சொல்ல முடியாது என்பது உண்மை. சாந்து, கைவேலை, சன்னல் திறப்பு எல்லாம் அதை மாற்றும். அதற்கு விடை சுவரை நீக்குவதன்று. விறைப்பின் கீழெல்லைக்கு ஒரு முறையும் மேலெல்லைக்கு ஒரு முறையும் தள்ளிப் பார்த்து, இரண்டிலும் கீல்கள் பிறந்த வரிசையைத் தளவாரியாக அட்டவணையிட வேண்டும். வாய்மொழித் தேர்வில் அந்த அட்டவணையைக் கேட்க ஒரு நிமிடம் போதும்; தரைத்தளத்தின் சாய்வு எத்தனை விழுக்காடு என்று கேட்க இன்னும் குறைவு.