நாற்பதும் அறுபதும்

எனக்கு 40 வயது நிறைந்ததை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் கோப்பிக்கடைக்காரர்தான். பத்திரிகையை எட்டிய மட்டும் தள்ளிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தேன். "வாத்தியாரே, கை நீளம் பத்தலைன்னா சொல்லுங்க. பேப்பரை எதிர் மேசையில விரிச்சு வைக்கிறேன்" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அது ஏன் வலிக்கவில்லை? நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகி, வெள்ளெழுத்து வருவது எல்லாருக்கும் உள்ளதுதான். கண்ணாடி போட்டால் தீர்ந்தது. கேலி செய்தவர் சட்டைப் பையிலும் ஒரு கண்ணாடி எட்டிப் பார்த்தது!

அந்தத் துணிச்சலில் நானும் ஒருநாள் வாயை விட்டேன். எங்கள் மண்டோர் அண்ணனுக்கு 60 ஆகப் போகிறது என்று பேச்சு வந்தது. "அண்ணே, பால் வத்தின மரம்! மறுநடவுக்கு நாள் குறிச்சாச்சா?" என்றேன். ரப்பர் மரத்தை 25, 30 ஆண்டில் வெட்டிச் சாய்ப்பதை அறியாதவர் நம்மில் யார்? எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். ஆனால் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவர், அன்று பதில் பேசவில்லை. கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

இரவில்தான் எனக்கு உறைத்தது. ஓய்வு பெற்றால் அவருக்கு வேலை மட்டுமா போகிறது? தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளைப் பெற்று வளர்த்த வீடு அது. எங்கே போவது என்று அவர் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்த இடத்தில் நான் கத்தியை வைத்துவிட்டேன்.

மறுநாள் மாலை அவர் வீட்டுக்குப் போய், "தெரியாமப் பேசிட்டேன் அண்ணே" என்றேன். "விடுங்க வாத்தியாரே" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

அன்றிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். எல்லாருக்கும் வருவதை, நமக்கும் வருவதைச் சொல்லிக் கேலி செய்யலாம். ஒருவர் இழக்கப்போவதைச் சொல்லக்கூடாது. சிரிப்பை மட்டும் நம்பவும் கூடாது. மரியாதைக்காகவும் மனிதர் சிரிப்பார். பதில் கேலி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம் முன்னோர் 60 வயதுக்கென்றே நல்ல கேலி ஒன்றை வைத்திருக்கிறார்கள். தமிழ் ஆண்டுகள் அறுபதும் ஒரு சுற்று. 1966-இல் பராபவ ஆண்டில் பிறந்தவருக்கு 2026-இல் அதே பராபவ மறுபடி பிறக்கிறது. மாலை போட்டு, மனைவிக்கு மறுபடி தாலி கட்டச் சொல்லி, "புது மாப்பிள்ளை" என்று சீண்டுகிறோம். இந்தக் கேலி அவரிடமிருந்து எதையும் பறிப்பதில்லை. மாலையும் மரியாதையும் கொடுக்கிறது.

அண்ணனின் அறுபதாம் கல்யாணத்தன்று, "மாப்பிள்ளைக்கு வெட்கத்தைப் பாரு!" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அவர் திரும்பினார்.

"வாத்தியாரே, மொய் எழுத உட்காந்திருக்கீங்களே, கண்ணாடி கொண்டாந்தீங்களா? நூறைப் பத்துன்னு எழுதிடாதீங்க!"

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.